பெறுநர் பெயரில் நாம் செய்த பிழை

அவைத் தலைமையேற்றிருக்கும் ஆசிரியர் தாவீது ஐயா அவர்களே, ஒன்பதாவது வார்டின் கவுன்சிலர் திருமதி சுகிர்தா அவர்களே, ஆலை ஷிப்டு முடித்து அப்படியே வந்தமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அன்னையர்களே! காலனி நலச்சங்கச் செயலாளர் மெர்சியின் வணக்கம்.

வாழ்த்த வந்தேன், வயிற்றெரிச்சலைக் கொட்டாமல் வாழ்த்த முடியவில்லை. இந்தச் சிறுவர் திடலில் ஊஞ்சல் இரண்டு, சறுக்குமரம் ஒன்று, வண்ணம் பூசிய வேலி. எல்லாம் மார்ச்சிலேயே தயார். ஆனால் திறப்புவிழா நடக்காமல் திறக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டது யார்? நாம். கோடை விடுமுறை முழுவதும் பிள்ளைகளை வேலிக்கு வெளியே நிறுத்தியது யார்? நாமேதான்.

கடிதம் எழுதினோம். சங்கத்தின் தாளில், முத்திரையோடு. "பொருள்: சிறுவர் விளையாட்டுத் திடல் திறப்பு விழாவிற்கு அழைத்தல்." நாள், நேரம், இடம் எல்லாம் தெளிவு. செயல் அலுவலருக்கு நகலும் போனது. மூன்று முறை தேதி மாற்றி மூன்று கடிதங்கள். மூன்று முறையும் ஒரே பதில்: "அன்னிக்கு எனக்கு வேற புரோகிராம் கீது, தள்ளி வைங்க." சொன்னவர் யார்? கவுன்சிலரின் கணவர் ஜெயராஜ் அண்ணன். சிரிக்காதீர்கள், அதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

மே மாதக் கடைசியில் நம் காலனி லோகுவின் மகள் கிரேஸ், பூட்டிய திடலை விட்டுத் தெருவில் பந்து விரட்டினாள். கண்டெய்னர் லாரி ஒரு முழம் தள்ளி நின்றது. ஒரு முழம்தான் ஐயா.

அன்றே நம் சங்கத்து ஞானம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போய் நேராகக் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தவர் சுகிர்தா.

"இன்னாம்மா, மூணு லெட்டர் போட்டும் வரமாட்டேன்றியே?"

"இன்னா லெட்டரு? எனக்கு ஒண்ணும் வர்லியே. யார் பேருக்கு எழுதினீங்க?"

என் கோப்பைப் புரட்டினேன். பெறுநர்: திரு. ஜெயராஜ். எழுதியது என் கை. கையெழுத்திட்டது பதினோரு பேர். ஒருவருக்கும் உறுத்தவில்லை. வாக்குச்சாவடியில் சுகிர்தாவின் பெயருக்கு நேராகப் பொத்தானை அழுத்திய விரல், பேனா பிடித்ததும் அந்தப் பெயரை மறந்ததே, ஏன்? பெண்ணுக்கு வாக்கு, அவள் வீட்டுக்காரருக்கு அழைப்பா? வெட்கம் அம்மா, வெட்கம்.

நான்காவது கடிதத்தை சுகிர்தாவின் பெயருக்கே எழுதி, அவர் கையிலேயே கொடுத்தேன். படித்தார். நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதியிட்டார். பிறகு சொன்னார்: "விழா ஞாயித்துக்கெழம வச்சுக்கலாம். பூட்ட இன்னைக்கே தொறங்க. புள்ளைங்க ஆடிக்கினு இருக்கட்டும், ரிப்பன் காத்துக்கினு இருக்கட்டும்."

ஐந்து நாளாய் ஊஞ்சல் ஓயவில்லை. இதோ, இப்போதும் கிரேஸ் சறுக்குமரத்தில் இருக்கிறாள். இறங்கச் சொல்லாதீர்கள்.

ரிப்பன் வெட்ட வாருங்கள், சுகிர்தா அம்மா. பொறுமையாய்க் கேட்டவர்களுக்கும், திட்டு வாங்கியும் எழுந்து போகாத ஜெயராஜ் அண்ணனுக்கும் நன்றி கூறி, கைகூப்பி அமர்கிறேன்.