உச்சவரம்பு வந்துடுச்சா?

கடைக்காரர் கொடுக்கும் சில்லறையைக்கூட நான் இரண்டு தடவை எண்ணுவேன். அதில் யாருக்கும் மனவருத்தம் வந்ததில்லை. கவனமான ஆள் என்றுதான் சொல்வார்கள். அண்ணனும் அதனால்தான் தன் பட்டறை அலுவலகத்தில் என்னை எழுத்தராக வைத்துக்கொண்டார்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஐந்து கொதிகலன்கள் கேட்டிருந்தது. ஒப்பந்தத்தை அவர்கள் மொழியில் எழுதி அனுப்பினார்கள். அதை நம் மொழிக்கு மாற்றியது அண்ணி. படித்தவர், சுறுசுறுப்பானவர், எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிபடாதவர். தன் தம்பியைப் பட்டறைக்குள் கொண்டுவந்து என்னை வெளியே தள்ளப் பார்க்கிறார் என்று எனக்குச் சந்தேகம். ஆதாரம் கேட்காதீர்கள் ஐயா. மடியில் கனமில்லாதவர் கொழுந்தனிடம் அவ்வளவு அன்பாகப் பேசுவாரா?

கையெழுத்துக்கு முந்தின நாள் மொழிபெயர்ப்பை ஒருமுறை புரட்டினேன். தாமத அபராதப் பிரிவில் கண் நின்றது. மூலத்தில், முழுதாகக் கழியும் ஒவ்வொரு வாரத்துக்கும், தாமதமான கலனின் விலையில் மட்டும் அரை சதவீதம். எவ்வளவு தாமதமானாலும் மொத்த அபராதம் ஒப்பந்த விலையில் ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அண்ணியின் தாளிலோ ஒவ்வொரு நாளுக்கும் முழு ஒப்பந்த விலையில் அரை சதவீதம். உச்சவரம்பு வாக்கியமே இல்லை. இரண்டு பிரதிகளும் முரண்பட்டால் நம் மொழிப் பிரதியே செல்லும் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. அபராதத்துக்கு வங்கி உத்தரவாதம், அதற்குப் பிணையாகப் பட்டறைக் கட்டடம்.

அண்ணிக்கு அந்த வாரம் முழுக்கக் காய்ச்சல். கண் தவறியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. யாருக்காகச் செய்கிறார் என்று பார்க்க விரும்பினேன், அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். ஒருவர் மூலத்தை அங்கேயே பொருள் சொல்லி உரக்கப் படிப்பார். மற்றவர் மொழிபெயர்ப்பில் விரல் வைத்துத் தொடர்வார். முடிந்ததும் படித்தவர், ‘ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்’ என்று ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுவார். அன்று படித்தவன் நான், விரல் வைத்தவர் அண்ணி.

அபராதப் பிரிவு வந்தது. அவர் தாளில் இருந்ததையே நான் மூலத்தில் இருப்பதுபோல் படித்தேன். அவர் குற்றவாளியாக இருந்தால் பேசாமல் தாண்டிவிடுவார் என்பது என் கணக்கு.

அவர் விரல் நின்றது.

"தம்பி, அதுல உச்சவரம்புன்னு ஒண்ணு வருமே. வந்துடுச்சா? தலை சுத்துது, எனக்கு எழுத்தே தெரியல."

என்ன நடிப்பு என்று வியந்தேன்.

"வந்துடுச்சு அண்ணி. நீங்க அடுத்த பக்கம் திருப்புங்க."

மறுநாள் அண்ணன் பேனாவை எடுத்தார்.

"நீ பாத்துட்டியாடா?"

"பாத்துட்டேன்."

"அப்புறம் நான் வேற எதுக்குப் பாக்கணும்?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நான்கு கலன்கள் நேரத்துக்குப் போயின. ஐந்தாவதன் உறை வார்ப்பில் விரிசல் விட்டது, புதிதாக வார்க்க இரண்டு மாதம். மூலத்தின்படி அது ஒரு கலன் விலையில் சிறு துண்டு, அண்ணன் முணுமுணுத்துவிட்டுக் கட்டியிருப்பார். கையெழுத்தான பிரதியின்படி முழு விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கம்பெனி வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்கியது. வங்கி பட்டறையைப் பூட்டியது.

அப்போதும் வழி இருந்தது. பிழையான மொழிபெயர்ப்பு என்று நிரூபித்தால், ஒப்பந்தத் தகராறைத் தீர்க்கும் நடுவர் திருத்தித் தருவார். அண்ணனின் வக்கீல் மூலத்தை நீட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் என் கையெழுத்தை நீட்டி, தெரிந்துதான் மாற்றினீர்களா என்று என்னைக் கேட்டார். இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்ட மாற்றம்தான், அண்ணிக்கும் தெரியும் என்றேன். அதோடு அந்த வழியும் அடைபட்டது. தவறிப்போய்விட்டது என்று சொன்னால் என் பார்வைக்கு என்ன மதிப்பு?

அண்ணன் என்னை எதுவும் கேட்கவில்லை. அண்ணியைத்தான் கேட்டார். அவர் அழுதார், வந்துடுச்சுன்னு தம்பி சொன்னாரே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் அண்ணன் என்னை நம்பினார். அண்ணி அன்று மாலையே தாய்வீட்டுக்குப் போனார். இரண்டு வாரம் கழித்து, பூட்டிய பட்டறையின் பின்பக்கம் வழியாக அண்ணன் உள்ளே போனார். தூக்குக் கயிற்றை அறுத்து அவரை இறக்கியவன் நான்தான். அப்போது ரொம்ப வலித்தது ஐயா, அதை மறைக்க மாட்டேன்.

அண்ணியின் தம்பி பட்டறை வாசல் பக்கம்கூட வரவில்லை. அவ்வளவு கெட்டிக்காரர்கள். ஆனால் ஒன்று மட்டும் இன்னும் எனக்குப் புரியவில்லை. ஒரு வரிகூடப் படிக்காமல் அண்ணன் ஏன் கையெழுத்துப் போட்டார்? பழி என் தலையில் விழட்டும் என்றா?

நான் சொன்னதையெல்லாம் வாக்குமூலமாக எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது. கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். உங்கள் மேல் சந்தேகமில்லை, ஆனால் விரல் வைத்துத் தொடர்வது நானாக இருக்க வேண்டும்.