வெறும் டப்பா

"அவன் அழவே கூடாது. அவளோட டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாப் போதும்."

மாலை ரயிலில், வடாலா தாண்டியதும் எதிர் ஸீட்டுப் பெண் இப்படிச் சொன்னாள். பக்கத்தில் அவளுடைய ஆபீஸ்காரர், மடியில் அவர் எழுதும் நாடகம். காதலர் இருவர் பிரியும் காட்சி. 'உன்னை மறக்கமாட்டேன், அப்பாவை எதிர்க்கவும் முடியாது' என்று அவர் எழுதியிருந்ததை அவள் அடித்துவிட்டாள்.

"பின்னே என்னதான் பேசறது?"

"'எலுமிச்சஞ்சாதம் நன்னா இருந்தது'ன்னு அவன் சொல்லட்டும். அவ டப்பாவை வாங்கித் திறந்து பாக்கட்டும்."

"பிரியறான்னு பாக்கறவாளுக்கு எப்படித் தெரியும்?"

"உள்ளே ஒண்ணும் இருக்காது. சாப்பாடு வந்த பாத்திரத்தை நம்ம மனுஷா வெறுமனே திருப்பித் தருவாளா? ஒரு பிடி சர்க்கரையாவது போடமாட்டாளா?"

"அவ ஒண்ணும் கேக்கமாட்டாளா?"

"'ரயிலுக்கு நாழியாச்சு'ம்பா. அவ்வளவுதான்."

எழுதிக்கொண்டே வந்தவரின் பேனா நின்றது. காது சிவந்துவிட்டது. தாளைப் பார்த்தபடியே கேட்டார்:

"அன்னிக்கு நான்... அலம்பித்தானே கொடுத்தேன்?"

"நன்னா அலம்பியிருந்தேள்."

அவள் இறங்கவேண்டிய செம்பூருக்கு இன்னும் இரண்டு ஸ்டேஷன் இருந்தது. அவள் எழுந்து வாசலருகே போய் நின்றுகொண்டாள்.