தாடையோரத்தில் மறையும் நிறம்

அந்தப் புகார்க் கடிதத்தைத் தபாலில் போட்டதே நான்தான் ஐயா. பெட்டிக்குள் கையை விட்டுத் தள்ளி, உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன். பதில் வராது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. கம்பெனிக்காரன் எவனையும் நான் நம்பினதில்லை. குழாய் வேலை செய்தே கிழவனானவன் நான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனால் மனுசனைப் படிப்பேன்.

என் வீட்டுக்காரி ஓட்டலில் வரவேற்பு மேசையில் நின்றவள். அங்கே முகத்துக்கு ஃபவுண்டேஷன் பூசாமல் நிற்கக்கூடாது. அவள் வாங்கும் கம்பெனியில் யானைத்தந்த நிறம், கோதுமை நிறம், தேன் நிறம் என்று வரிசையாக வந்து, மீடியம் என்கிற மாநிறத்தோடு நின்றுவிடும். என்னவள் நல்ல கறுப்பு. அந்த மீடியத்தைப் பூசினால் அடுப்புச் சாம்பலில் முகம் கழுவினது மாதிரி இருக்கும். கண்ணுக்குப் போடும் பழுப்புப் பொடியை அதில் குழைத்துப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் வியர்வையில் திட்டுத் திட்டாகிவிடும். மேலாளர் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க உள்ளே போன் எடுங்க" என்று சன்னல் இல்லாத அறைக்கு அனுப்பினான். அவள் அழுதாள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. போற வர்றவன் பார்க்காத இடம், நல்ல இடம்.

"உங்கள் வரிசை மீடியத்தோடு முடிகிறது. எங்கள் முகம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது" என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தாள். முதலில் நன்றி சொல்லி ஒரு பதில் வந்தது. அடர் நிறங்கள் கடைகளில் விற்றுப்போவதில்லையாம். விடுவாளா அவள்? "கடையில வைக்கவே இல்ல, அப்புறம் எப்படி விக்கும்?" என்று திருப்பி எழுதினாள். அப்போதுதான் அவன் வந்தான். அங்கே கலவை செய்கிறவன். நிறக்காரன் என்றே நான் சொல்லுவேன்.

வீட்டுக்கு வந்ததில்லை. போனில்தான்.

பூச்சில்லாத முகத்தைச் சன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் பிடித்து, படம் எடுத்து அனுப்பச் சொன்னான். தாள் வெள்ளையாகத் தெரிந்தால்தான் முகத்தின் நிறம் நிசமாம். அனுப்பினாள். அவன் பேசுவது கூடத்தில் எனக்கும் கேட்கும்.

"அம்மா, கறுப்பை மட்டும் கூட்டினா மறுபடி சாம்பல்தான் அடிக்கும். வெள்ளைப் பொடியக் குறைக்கணும். உங்க தோலுக்கடியில செவப்பு ஓடுது, அதப் பிடிக்கணும்."

"செவப்பா? எனக்கா? நல்லா பாத்துச் சொல்லுங்க தம்பி" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் ரொம்ப நாளாகக் கேட்டிருக்கவில்லை. அன்று ராத்திரி தூங்குகிறவள் முகத்தருகே விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். எனக்கு எந்தச் சிவப்பும் தெரியவில்லை.

"மகன் வயசுப் பையனுக்குப் போயி மூஞ்சத் தூக்கிக்கிறீங்களே" என்றாள் காலையில்.

"நான் எங்கடி தூக்குனேன்" என்றேன். நிசம்தான். எனக்குப் பொறாமைப்படும் பழக்கம் கிடையாது.

சின்னச் சின்ன சீசாக்கள் வந்தன. தாடையோரம் கோடு கோடாக இழுத்து, காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காய்ந்தால் நிறம் கொஞ்சம் கறுக்குமாம். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ அதுதான் அவளுடையது. நடுக்கோடு மறைந்துவிட்டது. நானும் தேடினேன், தட்டுப்படவில்லை. ஒருநாளும் அவளைத் தொடாதவன், அவள் நிறத்தை அச்சு அசலாகக் கலக்கி அனுப்பியிருந்தான். மேலாளரும் திங்கட்கிழமை முன்மேசைக்கு வரச் சொல்லிவிட்டான்.

ஒத்துக்கொள்கிறதா என்று காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து ஒருநாள் பொறுக்கச் சொல்லியிருந்தான் நிறக்காரன். பொறுத்தாள். அரிப்பில்லை, தடிப்பில்லை. அது முடியட்டும் என்று நானும் பொறுத்திருந்தேன். இனி யோசிக்காமல் பூசுவாள் அல்லவா. அப்புறம்தான் என் வேலைப் பையிலிருந்து, அடைப்பெடுக்கும் திராவகத்தை அந்தச் சீசாவில் கலந்தேன். திங்கட்கிழமை காலையில் கண்ணாடியை அவளுக்குப் பிடித்தவனும் நான்தான்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கம்பெனி மேல் இரண்டாவது புகாரை நானே சொல்லி எழுதவைத்தேன். நீங்களும் நிறக்காரனைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். அத்தோடு போயிருக்கும்.

ஆனால் முகத்துக் கட்டுக்குள்ளிருந்து அவள் பேசுவதெல்லாம் அவனைப் பற்றித்தான். "அந்தத் தம்பி அப்படிச் செய்யாதுங்க. பாவம், சாப்பிட்டுச்சோ என்னவோ. நான் ஒருவாட்டி அதுகூடப் பேசணும்." விடிந்ததிலிருந்து இதே பேச்சு. பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுகிறவனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவனை விட்டுவிடுங்கள். செய்தது நான் என்று அவளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள் ஐயா. இனி அவள் படுத்துக்கொண்டு நினைக்கிற ஆள் நானாக இருக்கட்டும்.