வாயைத் துடைக்காத கீரி

நான் ஐஸ் தண்ணீர் குடிப்பதில்லை, மேடம். எனக்காக வாங்கி வைத்திருக்கிறீர்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கதை சொல்லிப் பிழைப்பவளுக்குத் தொண்டைதான் எல்லாம். வெந்நீர் இருந்தால் கொடுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசிப் பழகியவள் நான்.

கீரிக் கதையை எப்படி உண்டாக்கினேன் என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டது உங்களைப் போன்ற ஒரு இன்ஸ்பெக்டர் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பழைய கதைகளை இந்த ஊருக்குக் கொண்டுவந்து குழந்தைகளுக்குச் சொல்வது என் தொழில். மயிலாப்பூரில் பள்ளிக்கூடங்கள், அடையாறில் நூலகங்கள், தி.நகரில் ஜவுளிக்கடைக்காரர்கள் வீட்டுப் பிறந்தநாள்கள் என்று எல்லா இடத்துக்கும் கூப்பிடுகிறார்கள். எப்படிச் செய்கிறேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. பெற்றோர்கள் பின்னால் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் நீதி வரும்போது மட்டும் நிமிர்ந்து பார்ப்பார்கள், ஹோட்டலில் பில்லைச் சரிபார்ப்பவர்கள் மாதிரி.

கதை உங்களுக்கும் தெரிந்ததுதான். ஒரு வீட்டில் தொட்டில் குழந்தை, வளர்ப்புக் கீரி. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிறாள். பாம்பு வருகிறது. கீரி அதைக் கடித்துக் கொன்றுவிட்டு, ரத்தம் வழியும் வாயோடு வாசலுக்கு ஓடிவருகிறது. குழந்தையைத்தான் கொன்றுவிட்டது என்று அம்மா குடத்தைக் கீரியின் தலையில் போடுகிறாள். உள்ளே போனால் குழந்தை சிரிக்கிறது, பக்கத்தில் பாம்பு செத்துக் கிடக்கிறது. அவசரப்படாதே என்பது நீதி. அவசரப்படாமல் யார் இந்த ஊரில் வாழ்கிறார்கள்?

இதை அடையாறு அடுக்குமாடிக்குக் கொண்டுவருவது நீங்கள் நினைப்பதுபோலச் சுலபமில்லை. கீரிக்குப் பதில் பூனை, குடத்துக்குப் பதில் தண்ணீர் கேன் என்று பேரை மாற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு விருதுகூடக் கொடுக்கிறார்கள். பொருளை மாற்றினால் போதாது, அது கதையில் செய்கிற வேலையை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். கீரி என்றால் வீட்டுக்குள் இருந்தும் வீட்டைச் சேராத ஒன்று. அதைப் பிள்ளை பார்க்கும் வேலைக்காரி ஆக்கினேன். கீரி அக்கா என்று பேர் வைத்தேன், குழந்தைகளுக்குப் பிடித்துப்போயிற்று. குடம் என்பது அம்மா கையில் ஏற்கெனவே இருக்கும் சாமான். வேறு வேலைக்காக எடுத்துப்போனது, ஆனால் கொல்லும். இன்றைக்கு அது போன்.

பாம்பும் ரத்தமும்தான் கஷ்டம். ரத்தம் என்பது காப்பாற்றியதற்கு அடையாளம், பார்ப்பவர் கண்ணுக்கோ கொலைக்கு அடையாளம். அப்படி இரண்டு பக்கமும் பேசுகிற ஒன்று கிடைக்காமல் கதை நிற்காது. கேஸ் கசிவு என்று சொல்லிப் பார்த்தேன், கண்ணுக்குத் தெரிய ஒன்றுமில்லை. தெருநாய் என்று சொல்லிப் பார்த்தேன், மேற்கு மாம்பலத்தில் ஒரு பையன் கொட்டாவி விட்டான். கடைசியில் குழந்தையின் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொள்கிறது என்று வைத்தேன். பாம்பு சத்தமில்லாமல் வரும். தொண்டை அடைத்துக்கொண்ட குழந்தையும் சத்தம் போடாது, அழக்கூட முடியாது. கீரி அக்கா குழந்தையைக் குப்புறக் கவிழ்த்து, தலை கீழே இருக்கும்படி முன்னங்கையில் தாங்கிக்கொண்டு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கித் தட்டுகிறாள். காப்பாற்ற அதுதான் வழி. தூரத்திலிருந்து பார்த்தால் அடிக்கிறாள் என்றுதான் தெரியும்.

இனி தொண்டையில் எதைச் சிக்கவைப்பது என்பதுதான் பாக்கி. வேர்க்கடலை சொன்னேன், திராட்சை சொன்னேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சோழி என்றேன். பல்லாங்குழி ஆடுவோமே, வழவழவென்று, அந்தச் சோழி. முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை தானாகக் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்குமேல் நான் மாற்றவில்லை. நீங்கள் என்னை இங்கே உட்காரவைத்திருப்பது அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

அந்த நாளைக் கேட்கிறீர்கள். அன்று லஸ் பக்கம் ஒரு பள்ளியில் நிகழ்ச்சி. முடிந்ததும் ஆட்டோவுக்கு நின்றபடி போனில் வீட்டுக் கேமராவைத் திறந்தேன். எங்கள் வீட்டில் பிள்ளை பார்க்கும் தேசம்மா தரையில் உட்கார்ந்து என் மகள் ஹம்சாவைக் குப்புறப் போட்டு முதுகில் அடித்துக்கொண்டிருந்தாள். ஹம்சாவுக்கு அப்போது பத்து மாதம். திரையில் தெரிந்ததை அப்படியே பதிவு செய்தேன். எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டு, ‘வேலைக்காரியை நம்பிக் குழந்தையை விட்டால் இதுதான் கதி’ என்று ஒரு வரி எழுதினேன். என் கணவர் நிரஞ்சனுக்கு அதற்குப் பிறகுதான் அனுப்பினேன். அவர் எப்போதும் மீட்டிங்கில் இருப்பவர், அனுப்பியும் பிரயோஜனமில்லை.

மந்தைவெளியில் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருந்ததில் நேரமாகிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது எங்கள் மாடிப்படியில் கூட்டம். சாதாரண நாளில் லிஃப்டில் முகம் பார்த்துச் சிரிக்காதவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். தேசம்மா படியில் கிடந்தாள். ரவிக்கையின் கை கிழிந்திருந்தது, உதட்டில் ரத்தம். குடியிருப்புச் சங்கச் செயலாளர் அனந்தராமன் மாமா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். எழுபது வயதில் ஒருத்தியை அடிக்க வாய்ப்புக் கிடைத்த பூரிப்பு அவர் முகத்தில் இருந்தது.

“நீ கவலைப்படாதேம்மா ஜலஜா. கொழந்தை எங்காத்துலதான் இருக்கா, நன்னா வெளையாடிண்டிருக்கா. போலீசுக்குச் சொல்லியாச்சு,” என்றார்.

தேசம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். அழவில்லை. நான் வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள். இந்த நம்பிக்கையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

“அக்கா, பாப்பா தொண்டையில மாட்டிக்கிச்சுக்கா. மூஞ்சியே நீலமா பூட்ச்சு. அதான் தட்னேன். இந்தா பாரு, கையிலயே வச்சிக்கினுகீறேன்.”

கையை விரித்தாள். எச்சில் காயாத ஒரு சோழி.

அது என்னுடையது. காலையில் கிளம்பும் அவசரத்தில் கதை சொல்லும்போது காட்டுகிற சாமான்கள் உள்ள கதைப்பையைத் தரையில் வைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மூடாமல் போயிருந்தேன். அவள் நீட்டியது எனக்கு மட்டும்தான் தெரிந்தது, கூட்டம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். கைப்பைக்குள் போட்டேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “எந்தச் சோழி? எங்காத்துல சோழியே கெடையாது,” என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அதற்குள் உங்கள் ஜீப் வந்துவிட்டது.

ஏன் என்றா கேட்கிறீர்கள்? யோசித்துப் பாருங்கள். குழந்தைகளுக்காகவே வாழ்கிறவள் என்று நாளிதழில் படம் போட்டு எழுதப்பட்டவள் நான். அவளோ திருவான்மியூர் குப்பத்தில் இருப்பவள். எனக்கு ஒரு பேர் இருந்தது, அது கெட்டால் திரும்பக் கிடைக்காது. அவளுக்கு இன்னொரு வீடு கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். கேமராவின் மெமரி கார்டில் முழுவதும் இருந்தது. ஹம்சா பைக்குத் தவழ்ந்து போவது, எடுத்து வாயில் போடுவது, கை கால் வெட்டி இழுப்பது, தேசம்மா சமையலறையிலிருந்து ஓடிவருவது. தட்டி எடுத்த பிறகு குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள்தான் விசும்பி அழுதாள். நான் அதை ஒருமுறை பார்த்தேன். பிறகு கார்டைக் கழற்றி உடைத்துப்போட்டேன். கேமரா பழுது என்று உங்கள் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தேன். யாரும் மறுபடி கேட்கவில்லை. உங்களுக்கும் அந்தச் சின்ன வீடியோவே போதுமானதாக இருந்தது, மேடம்.

அவள் ஜெயிலுக்குப் போய் ஜாமீனில் வந்தாள். வீடியோ அவளுக்கு முன்பே ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது. எந்த வீட்டிலும் சேர்க்கவில்லை. சொந்தத் தங்கையே தன் பேரப்பிள்ளையை அவள் கையில் கொடுப்பதில்லை என்று எங்கள் வாட்ச்மேன் சொன்னான். கேஸ் கசிவிலும் தெருநாயிலும் நின்றுபோயிருந்த கீரிக் கதை அதைக் கேட்ட அன்றுதான் எனக்குக் கிடைத்தது. பாம்பும் ரத்தமும் குடமும் தாமாக வந்து இடத்தில் உட்கார்ந்தன. கையில் இத்தனை இருக்கும்போது ஒரு கலைஞர் என்ன செய்வார்?

நீதியை மாற்றினேன். கதையில் அம்மா சோழியைப் பார்க்கிறாள், மன்னிப்புக் கேட்கிறாள், கீரி அக்கா சிரித்துவிட்டுப் போய்விடுகிறாள். தப்பு யாருடையது என்று குழந்தைகளைக் கேட்பேன். அம்மா என்று கத்துவார்கள். இல்லை என்பேன். கீரி வாசலுக்கு வருமுன் வாயைத் துடைத்திருக்க வேண்டும். நல்லது செய்தால் மட்டும் போதாது, பார்க்கிறவர்களுக்கு நல்லதாகவும் தெரிய வேண்டும். பெற்றோர்கள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். இந்தக் காலத்துக்கு வேண்டிய நீதி என்று ஒரு அப்பா வந்து கை குலுக்கினார்.

அடையாறு நூலக அரங்கிலும் அப்படித்தான் தட்டினார்கள். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். பின்கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது. கையில் துடைப்பத்தோடு தேசம்மா நின்றிருந்தாள். அங்கே கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

“அக்கா, சோழியே இல்லன்னு சொன்னியே. இப்ப கதையில சோழி எங்கேர்ந்துக்கா வந்துச்சு?”

“கதைதானே, தேசம்மா,” என்றேன்.

அரங்கில் இரண்டு பேர் சிரித்தார்கள். நூலகர் ஷண்முகப்ரியா சிரிக்கவில்லை. நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொண்டிருந்தவள் அவள்தான். அந்தப் பதிவோடு தேசம்மாவை உங்களிடம் கூட்டிவந்தவளும் அவள்தான் என்று நினைக்கிறேன். தொண்டையில் சிக்கியது சோழி என்று தேசம்மா மட்டும்தான் சொல்லியிருந்தாள், எங்கள் வீட்டில் சோழியே இல்லை என்று நான் உங்கள் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டிருந்தேன். வேர்க்கடலை என்றே விட்டிருந்தால் நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்க முடியாது. ஆனால் வேர்க்கடலைக்கு அந்தப் பெண் குழந்தை கழுத்தைப் பிடித்திருக்காது.

எழுதிக்கொள்ளுங்கள். தேசம்மா என் குழந்தையைக் காப்பாற்றினாள். அது அன்றைக்கே, அந்த மாடிப்படியில் நின்றபோதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் குடத்தைப் போட்டேன். பழைய கதையில் வருகிற அம்மா தெரியாமல் போட்டவள், அதனால் அழுதாள்.

அந்தச் சோழியா? கதைப்பையில்தான் இருக்கிறது, ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அதைத்தான் தூக்கிக் காட்டுகிறேன். ஆனால் இப்போதெல்லாம் அந்தப் பையைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், மேல் அலமாரியில்தான் வைக்கிறேன், மேடம். பெற்ற குழந்தை விஷயத்தில் நான் அஜாக்கிரதையாக இருப்பவள் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது.