பிலிம் தீர்ந்த கேமராவுக்குக் கிடைத்த பெயர்

ரசூல் அவர்களுக்கு இந்தச் சங்கம் அநியாயம் செய்தது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்வேன்.

மேடையில் இருக்கும் செயலாளர் சாய்கிருஷ்ணன் அவர்களே, திருத்தணி, அரக்கோணம், பள்ளிப்பட்டு புகைப்படக் கலைஞர்களே, மறைந்த ரசூலின் மகன் கலீமே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நம் சங்கத்தின் இரண்டாயிரமாம் ஆண்டு மலரில் என்ன அச்சிட்டீர்கள்? "மலைக்கோயில் கல்யாணத்தில் ரசூலின் கேமரா நின்றுபோனது. சுந்தரமூர்த்தி தன் கேமராவைக் கொடுத்துக் காப்பாற்றினார்." நான்தான் அந்தச் சுந்தரமூர்த்தி. அது பொய்! திருத்தச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன். என்ன பதில் வந்தது? "விடுங்க நைனா, உங்களுக்குப் பெருமைதானே." ஆறு வருடமாக நான் விடவில்லை. இன்றும் விடமாட்டேன்.

நடந்தது இது. தொண்ணூற்றேழாம் வருடம், ஆவணி முகூர்த்தம். மலைமேல் ஒரே மண்டபத்தில் அருகருகே இரண்டு கல்யாணம். ஒன்றுக்கு நான். பக்கத்தில் அகிலாண்டேஸ்வரியின் கல்யாணம். அதற்கு ரசூல். பெண்ணின் அப்பா ராஜமாணிக்கம் அரக்கோணத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தார். முந்தின நாள் ரசூலைக் கூப்பிட்டு, "பாய், எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறுறத நீ எட்த்தாந்து காட்டினாதான் நான் பாத்த மாதிரி" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம்.

ரசூல் தோளில் எப்போதும் இரண்டு கேமரா தொங்கும். அன்று காலையும் நான் கிண்டல் செய்தேன்.

"என்னா பாய், ரெண்டு மாட்டிகினு வர்றே? பொண்ணுக்கு ஒண்ணு, மாப்பிள்ளைக்கு ஒண்ணா?"

"இல்ல நைனா. ஒண்ணு கல்யாணத்துக்கு, ஒண்ணு என் பயத்துக்கு."

சிரித்தேன். எல்லாரும் சிரித்தோம்.

ரசூல் பின்மூடியைத் திறந்து புது ரோல் மாட்டிக்கொண்டிருந்த நேரம், நான் படமெடுத்த கல்யாணத்தில் கெட்டிமேளம். எங்கள் ஜனங்கள் எறிந்த அட்சதை எல்லாப் பக்கமும் சிதறியது. மஞ்சள் அரிசி ஒன்று திறந்திருந்த கேமராவுக்குள் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. மூடினார், பிலிமை நகர்த்த வெற்றாக இரண்டு முறை அழுத்தினார், தாலித் தட்டைப் படம் எடுத்தார். எல்லாம் சரி. பிறகு கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி அழுத்தினார். அரிசி உருண்டு ஷட்டர் திரையின் ஓரத்தில் சிக்கிக்கொண்டது. திரை பாதியில் நின்றது. மேலே போன கண்ணாடி இறங்கவில்லை. கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் முழுக்க இருட்டு. பிலிம் நகர்த்தும் லீவரும் அசையவில்லை.

அவர் பக்கமும் கெட்டிமேளம் தொடங்கிவிட்டது!

நான் பதறி என் கேமராவை நீட்டினேன். "இந்தா பாய், எட்த்துக்கோ!" ஊர் பார்த்தது அதைத்தான். ரசூல் தலையை ஆட்டி மறுத்ததை யார் பார்த்தார்கள்?

அவருடைய இரண்டாவது கேமரா பழசு. ஆனால் தயாராக இருந்தது. பிலிம் போட்டு, முதல் படத்துக்கு நகர்த்தி வைத்திருந்தார். அதன் தலையில் பிளாஷுக்கு மின்தொடர்பு கிடையாது, ஒயர் வேண்டும். அந்த ஒயர் அதன் வாரிலேயே சுற்றியிருந்தது. பிளாஷைக் கழற்றி மாட்டி, ஒயரைச் செருகினார். ஷட்டர் வேகம் ஏற்கெனவே அறுபதில் ஒன்றில் இருந்தது. அந்தப் பழைய கேமராவில் அதைவிட வேகமாக வைத்தால் பிளாஷ் அடிக்கும்போதே திரை பாதி மூடியிருக்கும். பாதிப் படம் கறுப்பாகும். எட்டடி தூரம், அதற்கு லென்ஸ் திறப்பு, அதாவது அப்பர்ச்சர், எட்டு. காலையிலேயே கணக்குப் போட்டு வைத்த ஆள் அவர்! முதல் முடிச்சு விழும்போது பிளாஷ் அடித்தது. அது மறுபடி ஏறும்வரை காத்திருந்தார். மூன்றாவது முடிச்சுக்கு மறுபடி அடித்தது.

பிலிம் கழுவும்வரை யாருக்குத் தெரியும்? காலையில் கிண்டல் செய்த குற்ற உணர்ச்சியில் நானும் அவரோடு அரக்கோணம் கலர் லேபுக்குப் போனேன். நெகட்டிவ்வை விளக்கில் பிடித்தார். ஓரத்திலிருந்து ஓரம்வரை படம் விழுந்திருந்தது. இரண்டும்! அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரசூல் கறுப்புப் பைக்குள் கையை விட்டு, வெளிச்சம் படாமல் அந்தச் சிக்கிய கேமராவைத் திறந்து பிலிமை எடுத்தார். பையை உதறினார். மஞ்சள் அரிசி ஒன்று விழுந்தது.

"இந்தா நைனா, உங்க ஊட்டு அட்சதை."

அன்று மாலையே ராஜமாணிக்கம் அந்தப் படத்தை மார்பில் வைத்துக்கொண்டு, "பாத்துட்டேன் பாய், பாத்துட்டேன்" என்றார்.

என் கேமராவை அவர் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? என் பக்கம் திரும்பி லீவரை இழுத்தபோதுதான் தெரிந்தது. நான் நீட்டும்போதே என் ரோல் முப்பத்தாறும் முடிந்திருந்தது. அந்தக் கேமராதான் காப்பாற்றியது என்று அச்சிட்டீர்கள்! சொல்லிவிட்டேன். இப்போதுதான் எனக்கு மூச்சு வருகிறது.

இனி ஆகவேண்டியது. சாய்கிருஷ்ணன், அடுத்த மலரின் முதல் பக்கத்தில் திருத்தம் போட வேண்டும். வெளியூர்க்காரர் என்று ரசூலுக்கு மறுத்த உறுப்பினர் அட்டையைச் சங்கம் கலீமின் கையில் கொடுக்க வேண்டும். அந்தப் படத்தை அகிலாண்டேஸ்வரி தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது இந்தச் சுவரில் ரசூலின் பெயரோடு மாட்டப்பட வேண்டும். கலீம், நீ டிஜிட்டல்காரன். உன் இரண்டாவது கேமராவில் கார்டும் நிறைந்த பேட்டரியும் இருக்க வேண்டும், போட்டபடியே. சங்கத்து மலரில் என் பெயரைக் கோடு போட்டு அடிக்கும் வேலை என்னுடையது. பேனா கொண்டுவந்திருக்கிறேன். மலரைக் கொடுங்கள்.