துஷ்டி வீட்டுச் சோறு

பிரியா: சாவி எங்கிட்டதான் இருக்கு. தரமாட்டேன்.

செந்தூர்பாண்டி: ஏளா, வெளாடுத நேரமா இது? சோறு வண்டியில ஏறியாச்சு.

பிரியா: எறக்கச் சொல்லுங்க.

இசக்கியப்பன்: பாப்பா, ஏத்துனதுக்கே எனக்கு இடுப்பு போச்சு. எறக்கணும்னா வேற டிரைவரைப் பாத்துக்கோங்க.

செந்தூர்பாண்டி: நீ சும்மா கெடடே. பிரியா... மதினியைப் பதினோரு மணிக்கு எடுக்காங்க. சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்து குளிச்சு உக்காரும்போது எலையில சோறு விழணும். உடன்குடியில இருந்து தூத்துக்குடி என்ன பக்கத்துலயா இருக்கு?

பிரியா: யாரு வீட்டு எலைப்பா அது? செந்தில்முருகன் வீட்டு எலை. கோர்ட்ல எங்க விவாகரத்து முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு. அந்த வீட்டுக்கு நாம யாரு?

செந்தூர்பாண்டி: செத்தது சீனித்தாய் மதினி.

பிரியா: எனக்கு மாமியாரா இருந்தாங்க. இருந்தாங்க... இப்போ இல்ல.

இசக்கியப்பன்: இப்போ யாருக்குமே இல்லல்லா பாப்பா.

பிரியா: அண்ணாச்சி, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்.

இசக்கியப்பன்: சாவியைத் தந்தா திருச்செந்தூர்ல போய்க் குடிச்சிக்கிடுவேன்.

செந்தூர்பாண்டி: எங்கேயும் நிப்பாட்டக் கூடாது. நேரே போகணும்.

பிரியா: எதுக்கு இவ்வளவு அவசரம்? காலையில இருந்து நானும் பாக்கேன். நாலு மணிக்கே அடுப்பு மூட்டியாச்சு... சமையக்காரரைப் போட்டு விரட்டுதீங்க...

செந்தூர்பாண்டி: சோறு ஆறிரும்.

பிரியா: ஆறுனா என்ன? துஷ்டி வீட்டுல சூடா இருக்கான்னா பாப்பாங்க?

செந்தூர்பாண்டி: சாவியைக் குடு.

பிரியா: அந்தப் பெரிய அண்டா... அது என் கல்யாணத்துக்கு நீங்க சீர் வச்சதுதானே? கட்டில், பீரோவோட அதையும் அவங்க திருப்பி அனுப்பிச்சாங்கள்ளா?

செந்தூர்பாண்டி: ஆமா. நூறு பேருக்கு வேற எதுல சோறு கொண்டு போக?

பிரியா: ஊரு என்ன சொல்லும்? குடுத்த சீரு திரும்பி வந்தாச்சு. இப்போ அதே அண்டாவுல சோத்தை ஏத்திக்கிட்டு நாமளே போய் நிக்கோம். பொண்ணைத் திரும்ப விடப் பாக்கான்னு பேசமாட்டாங்களா?

செந்தூர்பாண்டி: பேசட்டும்.

பிரியா: அதுக்குத்தான் போறீங்களா? சொல்லுங்க.

செந்தூர்பாண்டி: இல்லளா... சத்தியமா இல்ல.

இசக்கியப்பன்: நான் ஒண்ணு கேக்கலாமா? அண்ணாச்சி, ஒரு மாலையை வாங்கிப் போட்டுட்டு வந்தாப் போதாதா? பழகுனவங்கங்கிற முறைக்கு அது சரிதானே?

செந்தூர்பாண்டி: மாலை யாரு வேணும்னாலும் போடலாம். ஊர்க்காரங்க காப்பி போட்டுக் குடுக்கலாம். சோறு அப்படி இல்லடே. அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சோறு கொண்டு வாரது பொண்ணு குடுத்தவன், பொண்ணு எடுத்தவன். வேற யாரும் அதுல கை வைக்கமாட்டான்.

பிரியா: அதைத்தானே நானும் சொல்லுதேன்! நாம இப்போ பொண்ணு குடுத்த வீடு இல்ல. பொங்கப்படி நின்னு போச்சு. தீவாளிக்குத் துணிமணி நின்னு போச்சு. போன மாசம் அவங்க சொந்தத்துல கல்யாணம்... நமக்குப் பத்திரிகை வந்துச்சா?

செந்தூர்பாண்டி: வரல.

பிரியா: அப்புறம்?

செந்தூர்பாண்டி: கல்யாணத்துக்குக் கூப்பிட்டாப் போவோம். சாவுக்கு எவன் வந்து வெத்தல பாக்கு வைப்பான்? சரி, போன வருசம் ஒங்கம்மா செத்தன்னைக்கு என்ன நடந்துச்சு? அதைச் சொல்லு.

பிரியா: அது வேறப்பா.

செந்தூர்பாண்டி: என்ன வேற? இசக்கி, நீயே கேளு. செண்பகத்துக்குக் கூடப்பொறந்தவன் கெடையாது. எனக்கு இவ ஒருத்திதான். பொண்ணு குடுத்த வீடு ஒலகத்துலயே அந்த ஒண்ணுதான். அப்போ கோர்ட்ல கேஸு நடக்கு. இவ எங்கூட இருக்கா. செண்பகத்தை எரிச்சிட்டு வந்து ஈரத்துணியோட நிக்கேன்... சோறு கொண்டுவர ஒரு நாதி இல்ல. வந்தவன்லாம் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு ஒவ்வொருத்தனா நழுவுதான்.

இசக்கியப்பன்: நீங்களே ஓட்டல்ல சொல்லிருக்கலாமே அண்ணாச்சி?

செந்தூர்பாண்டி: நம்ம வீட்டு துஷ்டிக்கு நாமளே சோறு வாங்கிப் போட்டா, எனக்குன்னு ஒரு சம்பந்தமும் இல்லன்னு தண்டோரா போட்ட மாதிரி. அப்போ வந்து நிக்குது ஒரு வேன். மதினி எறங்குதாவ. மகன்மேல கேஸு போட்ட வீடு... வக்கீலு போகாதன்னுதான் சொல்லிருப்பான். கரண்டியைப் பிடிச்சு அவியளே பரிமாறுனாவ. என் எலைக்கு முன்னால வந்து, "அண்ணே, ஒரு வாயி சாப்பிடுங்க"ன்னாவ. சாப்பிட்டேன். அந்தச் சோறு வயித்துல போயிருச்சுல்லா... அண்டா மாதிரி அதை லாரியில ஏத்தித் திருப்பி அனுப்ப முடியுமா?

பிரியா: போதும்ப்பா.

செந்தூர்பாண்டி: கல்யாணத்துல வாங்குனதுன்னா அவங்க வீட்டுல அடுத்த கல்யாணம், காதுகுத்துன்னு எதுலயாவது செஞ்சிரலாம். சாவுல வாங்குனதைச் சாவுலதான் செய்ய முடியும். மதினிக்கு இன்னொரு சாவு வருமா? இன்னைக்கு விட்டா விட்டதுதான். சாவியைக் குடு, பிரியா.

பிரியா: அப்பா, வேண்டாம்... உங்களை அங்கன வச்சு அசிங்கப்படுத்திருவாங்க.

செந்தூர்பாண்டி: யாரு? செந்திலா?

பிரியா: அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு.

செந்தூர்பாண்டி: பின்ன... சாத்தான்குளத்துக்காரங்களா?

பிரியா: உங்களுக்கு... தெரியுமா?

செந்தூர்பாண்டி: நம்ம கடைக்குக் கருப்பட்டி வாங்க வாரவன் வாயை நான் தைக்கவா முடியும்? செந்திலுக்கு அங்கன பொண்ணு பேசி, தட்டு மாத்தி ஒரு மாசம் ஆச்சு. நீ அழுவேன்னுதான் நான் சொல்லல.

பிரியா: நீங்க ஒடைஞ்சு போவீங்கன்னு நான் சொல்லலப்பா.

இசக்கியப்பன்: அடப்பாவிகளா... எனக்கே தெரியும். ரெண்டு பேருக்கும் தெரியாதுன்னுல்லா நான் வாயை மூடிக்கிட்டுக் கெடந்தேன்!

பிரியா: இன்னைக்குச் சோறு அவங்க கொண்டு வாராங்கப்பா. தட்டு மாத்துனா அவங்கதான் சம்பந்தக்காரங்க. அவங்க சட்டி எறங்குத எடத்துல நாமளும் போய் எறக்குனா... நீங்க யாருன்னு ஒருத்தன் கேட்டுட்டா?

செந்தூர்பாண்டி: அதுக்குத்தானே பறக்கேன். அவங்களுக்கு முன்னால போயிரணும். ராத்திரிச் சோறு அவங்க போடட்டும், கருமாதி வரைக்கும் அவங்களே போடட்டும். எனக்கு இந்த ஒரு வேளை போதும்.

பிரியா: செந்தில்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?

செந்தூர்பாண்டி: கேட்டுட்டா செய்வாங்க? மதினி என்னைக் கேட்டுட்டா வந்தாவ? தானா வந்தாவ! யாரும் கூப்பிடல, யாரும் கேக்கல. அதனாலதான் அந்தச் சோறு என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்துது. கேட்டு வாங்குனதுன்னா ஒரு நன்றியோட போயிருக்கும். கேக்காம வந்ததுளா அது... என்ன? எதுக்கு இப்போ அழுகுத?

இசக்கியப்பன்: பாப்பா... நேரம் போவுது.

பிரியா: இந்தாங்க அண்ணாச்சி, சாவி. வண்டியை எடுங்க.

செந்தூர்பாண்டி: நீ எங்க ஏறுத? ஒன்னைப் பாத்தா அந்தச் சாத்தான்குளத்துக்காரங்க என்ன நெனைப்பாங்க? எறங்கு. நான் போறேன். வாங்கித் தின்னது நான்.

பிரியா: கேட்டது நான்ப்பா. அன்னைக்கு நீங்க சுடுகாட்டுக்குக் கெளம்பும்போதே அத்தைக்கு நாந்தான் போன் போட்டேன். "அத்தே, எங்கப்பாவுக்குச் சோறு கொண்டுவர ஆளில்ல"ன்னேன். "கேட்டு வந்த சோறுன்னு தெரிஞ்சா ஒங்கப்பா எலையைத் தொடமாட்டாரு, நான் தானா வந்ததாவே இருக்கட்டும், கடைசி வரைக்கும் சொல்லாத"ன்னாங்க... தள்ளி உக்காருங்க. நான்தான் பரிமாறணும்.