நர்ஸ் மாரிமுத்து

அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னாள்: "துபாய் ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷமா எங்கப்பாதாங்க நர்ஸா இருந்தாரு."

"என்னத்தா சொல்ற?"

"பாஸ்போர்ட்ல எம்பேருக்குப் பின்னாடி அப்பா பேரு இருக்குல்ல, அதச் சொல்லித்தான் என்னையக் கூப்பிடுவாங்க. சிஸ்டர் மாரிமுத்து!"

அம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"புதுசா வந்த ஹெட் நர்ஸ்தான் மொத நாளே, எப்படிக் கூப்பிட்டா ஒனக்குப் பிடிக்கும்னு கேட்டாங்க. கயல்விழின்னேன். அவங்களுக்கு 'விலி'ன்னுதான் வந்துச்சு. சரி, கயல்னே கூப்பிடுங்கன்னேன். 'வேணாம், முழுசா சொல்லிக்குடு'ன்னாங்க. நாக்க மேல மடிச்சு, அண்ணத்துல ஒட்டாமச் சொல்லச் சொன்னேன். 'ழி' வந்துருச்சு! இப்ப வார்டே கயல்விழிங்குது."

"அப்ப ஒங்கப்பா?"

"அவரு இனிஷியலுக்கே திரும்பிட்டாருங்க," என்றாள், நிமிர்ந்து உட்கார்ந்து.